லித்தியம், டிகாக்ஸின் சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால்: இரத்த அளவு பார்ப்பது எப்படி, எப்போது

பாலக்கோடு பக்கம் மருந்துக்கடையில் நிற்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "மாத்திரை அதேதானே, மூணு வருஷமா சாப்பிடுறாரு, எதுக்கு சும்மா சும்மா ரத்தம் எடுக்கச் சொல்றாங்க?" நியாயமான கேள்வி. பாராசிட்டமாலுக்கோ இரும்புச்சத்து மாத்திரைக்கோ யாரும் இரத்த அளவு பார்ப்பதில்லை. இந்த இரண்டுக்கு மட்டும் ஏன் என்பதையும், வீட்டில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள்

லித்தியம் மனநிலை ஏற்ற இறக்க நோய்க்குத் தருகிற மாத்திரை. தொடர்ந்து சாப்பிடுகிறவருக்கு ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் நோய் திரும்ப வரலாம், 1.5-ஐத் தாண்டினால் விஷமாக மாறத் தொடங்கும், 2-க்கு மேல் போனால் ஆபத்து. அதாவது வேலை செய்கிற அளவுக்கும் கெடுக்கிற அளவுக்கும் நடுவே இரண்டு மடங்கு கூட இடைவெளி இல்லை. ஒரு வேளை கூடுதலாகப் போட்டதால்தான் இது ஏறும் என்று நினைக்காதீர்கள். ஒரு மாத்திரையும் கூடாமலேயே ஏறும், அதுதான் பலருக்குத் தெரியாதது.

லித்தியத்தைக் கல்லீரல் உடைப்பதில்லை. அப்படியே சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். ஆனால் சிறுநீரகம் அதையும் உப்பையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நடத்துகிறது. உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துவிடும். வியர்வை, வாந்தி, பேதி, திடீரென்று உப்பைக் குறைப்பது எல்லாம் லித்தியத்தை ஏற்றுவது இதனால்தான்.

நம்ம ஊர் ஆபத்து: வலி மாத்திரை

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். பல வருடம் போர் தண்ணீர் குடித்தவர்களுக்கு முட்டி, இடுப்பு, முதுகு என்று எங்காவது ஒரு வலி இருந்துகொண்டே இருக்கும். வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் என்று கேட்டு வாங்கிப் போடுவது இங்கே சர்வசாதாரணம், நாங்களும் கொடுத்திருக்கிறோம், மறைக்க ஒன்றுமில்லை. இந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், லித்தியம் வெளியேறுவதும் குறைந்துவிடும். இரத்த அழுத்தத்துக்குத் தரும் எனலாப்ரில் போன்றவையும், தயசைடு வகை நீர் மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும்.

ஒரு கதை சொல்கிறேன், அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றித்தான். காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலையில் வேலை செய்கிறவர், வயது நாற்பத்தைந்து இருக்கும். தினம் லித்தியம் 300 மில்லிகிராம் மாத்திரை மூன்று, அதாவது 900. மூன்று வருடமாக அளவு 0.8-லேயே நின்றது, நோயும் தலைகாட்டவில்லை. ஜூன் மாதம், மாம்பழ சீசன் உச்சம், கொதிகலன் பக்கத்தில் பத்து மணி நேரம் நின்று வியர்த்துக் கொட்டியிருக்கிறார். முட்டிவலிக்கு ஒரு கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி, காலை மாலை என்று பத்து நாள் போட்டிருக்கிறார். அப்புறம் இரண்டு நாள் பேதி. சாப்பாடு இறங்கவில்லை, ஆனால் "மாத்திரையை நிறுத்தினா பழையபடி ஆயிடும்" என்ற பயத்தில் வீட்டில் லித்தியத்தை மட்டும் விடாமல் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை, டீ சட்டையில் கொட்டுகிறது. நடந்தால் தள்ளாட்டம், பேச்சு குழறுகிறது. பக்கத்து வீட்டார் குடித்திருக்கிறார் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் எடுத்த அளவு 2.1. கிரியேட்டினின் 1.9, அதாவது சிறுநீரகமும் தடுமாறிக்கொண்டிருந்தது. லித்தியத்தை நிறுத்தி, சலைன் ஏற்றி, சில மணிக்கு ஒருமுறை அளவு பார்த்தார்கள். மூன்றாம் நாள் 1.1-க்கு இறங்கிவிட்டது. ஆனால் கை நடுக்கமும் பேச்சும் சரியாக இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் ஆனது, ஏனென்றால் லித்தியம் இரத்தத்திலிருந்து சீக்கிரம் போனாலும் மூளையிலிருந்து மெதுவாகத்தான் கிளம்பும். ரிப்போர்ட் நல்லாயிருக்கு, ஆள் மட்டும் ஏன் சரியாகவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மாத்திரை எண்ணிக்கை கடைசி வரை மூன்றுதான் என்பதைக் கவனியுங்கள்.

அறிகுறியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது

லித்தியம் சாப்பிடுகிற பலருக்கு விரலில் மெல்லிய நடுக்கம் எப்போதும் இருக்கும், அது வேறு. கவனிக்க வேண்டியது மாற்றத்தை: நடுக்கம் பெரிதாகி கை முழுக்க ஆடுவது, குமட்டல், வாந்தி, பேதி, தள்ளாட்டம், குழறல், எந்நேரமும் தூக்கக் கலக்கம். முற்றினால் குழப்பம், வலிப்பு. இதில் பெரிய சிக்கல், பேதி காரணமாகவும் இருக்கலாம், விளைவாகவும் இருக்கலாம். அதனால் காரணத்தைத் தேடி உட்கார வேண்டாம். வாந்தி பேதி தொடங்கினால் அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காமல், அன்றைக்கே மருத்துவரைக் கேளுங்கள். தள்ளாட்டமோ குழறலோ சேர்ந்தால் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

லித்தியத்துக்கு இரத்தம் கொடுக்கும் நேரம்

கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குப் போட்டால், மறுநாள் காலை எட்டு மணிக்கு, காலை மாத்திரை போடுவதற்கு முன். 0.6 முதல் 1.0 என்ற எல்லையே இந்த 12 மணி நேரக் கணக்குக்கு எழுதியதுதான். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு ஒன்பது மணிக்கு லேபுக்குப் போனால் நல்ல மனுஷனுக்கும் 1.3 காட்டும், மருத்துவர் மாத்திரையைக் குறைப்பார், இரண்டு மாதத்தில் நோய் திரும்ப வரும். காலை மாத்திரையைக் கையோடு எடுத்துப்போய், இரத்தம் கொடுத்ததும் போடச் சொல்கிறேன் நான்.

இன்னொன்று, சின்ன விஷயம் போலத் தெரியும்: பச்சை மூடி குழாய்களில் இரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் போட்டிருப்பார்கள். பெயரிலேயே லித்தியம் இருக்கிறது. அதில் எடுத்தால் அளவு பொய்யாக ஏறும். சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயில் எடுப்பது வழக்கம். என்ன பரிசோதனை என்று லேபில் சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

மாத்திரை தொடங்கியோ அளவை மாற்றியோ ஐந்து முதல் ஏழு நாள் ஆன பிறகுதான் எண் நிலைக்கு வரும், மறுநாளே பார்த்துப் பயனில்லை. நிலையானதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிற்பாடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். கூடவே கிரியேட்டினின், தைராய்டும் எழுதுவார்கள், ஏனென்றால் லித்தியம் இரண்டையும் மெல்லக் கெடுக்கக் கூடியது.

டிகாக்ஸின்: இங்கே எண் மட்டும் போதாது

டிகாக்ஸின் இதயத்துக்கான மாத்திரை, வழக்கமாக 0.25 மில்லிகிராம். டிஜிட்டாலிஸ் வகைச் செடியிலிருந்து வந்தது. 1785-இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் இதன் பயனையும் விஷத்தையும் சேர்த்தே எழுதிவைத்தார். நம்ம ஊர் நெடுஞ்சாலை நடுவில் பூக்கிற அரளியின் விஷமும் இதயத்தில் இதே இடத்தைத்தான் பிடிக்கிறது, அதனால் இது எவ்வளவு சாது மாத்திரை என்று உங்களுக்கே தெரியும்.

இதயம் பலவீனமானவர்களுக்கு ஒரு மில்லிலிட்டரில் 0.5 முதல் 0.9 நானோகிராம் இருக்க வேண்டும் என்பார்கள், 2-ஐத் தாண்டினால் விஷம் என்று வழக்கமாகக் கொள்வது. ஆனால் இதய செல்லில் டிகாக்ஸினும் பொட்டாசியமும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. பொட்டாசியம் குறைந்தால் டிகாக்ஸின் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும், ரிப்போர்ட்டில் எண் சரியாக இருக்கும்போதே விஷம் தலையெடுக்கும். இதய நோயாளிக்குக் கால் வீக்கத்துக்குத் தருகிற ஃபுரோசிமைடு பொட்டாசியத்தைச் சிறுநீரில் அடித்துக்கொண்டு போகிற மாத்திரை, அதையும் இதையும் சேர்த்துத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். அதனால் டிகாக்ஸின் அளவு எழுதும்போது பொட்டாசியம், கிரியேட்டினின், ஈசிஜி மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், அமியோடரோன், வெரப்பமில் ஆகியவை டிகாக்ஸின் அளவையே ஏற்றிவிடும்.

அறிகுறி முதலில் வயிற்றில்தான் தெரியும். பாட்டிக்குச் சோறு இறங்கவில்லை, குமட்டுகிறது என்றால் வயசு என்று விட்டுவிடுவோம், அங்கேதான் தவறு. அப்புறம் பார்வையில் மஞ்சள் பச்சை படிவது, பல்பைச் சுற்றி வளையம் தெரிவது, படபடப்பு அல்லது மயக்கம். நாடி பார்ப்பது எளிது: மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள், பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம், துடிப்பு சீராக இல்லாதவருக்கு அந்தக் கணக்கு தப்பும். 60-க்குக் கீழே இருந்தால் அன்றைய மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரைக் கேளுங்கள்.

இரத்தம் எடுக்கும் நேரம் இங்கே 6 மணி நேரம் கழித்து, குறைந்தபட்சம். மருந்து இரத்தத்திலிருந்து இதயத் தசைக்குள் இறங்க அவ்வளவு நேரம் ஆகும், அதற்கு முன் எடுத்தால் எண் வீணாகப் பெரிதாகத் தெரியும். காலையில் மாத்திரை போடுவதற்கு முன்பே லேபுக்குப் போய்விட்டால் இந்தக் கணக்கே வேண்டாம். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது, லித்தியத்துக்கும் அப்படியே.

சீட்டில் எழுத வேண்டியது

லேப் சீட்டின் ஓரத்தில் கடைசி மாத்திரை போட்ட தேதி, மணி, எத்தனை மில்லிகிராம், கடந்த இரண்டு வாரத்தில் புதிதாகச் சேர்த்த மாத்திரை, இவ்வளவையும் பேனாவால் எழுதிவிடுங்கள். அச்சிட்ட ரிப்போர்ட்டில் இது எதுவுமே வராது.

மாங்கூழ் ஆலைக்காரர் இப்போது 600 மில்லிகிராமில் இருக்கிறார், அளவு 0.7. இந்த சீசனில் அவர் மனைவி கடைக்கு வந்தார், முட்டிவலிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறக்கும் முன்பே "டைக்ளோ வேண்டாம்ணா, பாராசிட்டமால் மட்டும் குடுங்க" என்றார்.