பவர் பத்திரம்: வினைச்சொற்களைப் படிக்கும் முறை

பவர் பத்திரம் கொடுத்தால் சொத்தே கைமாறிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உரிமை எழுதிக்கொடுத்தவரிடமே இருக்கும்; முகவர் அவருக்காகக் கையெழுத்திடும் ஆள், அவ்வளவுதான். பவரை மட்டும் வைத்துச் சொத்து வாங்கியவருக்கு உரிமை வந்துவிடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஒரு கற்பனை உதாரணம். சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒருவர், திருச்சியில் உள்ள மனையை விற்க மைத்துனருக்குப் பவர் எழுதுகிறார்.

படி 1: சொத்து விவரத்தைச் சரிபாருங்கள். சர்வே எண், பரப்பு, நான்கு எல்லைகள் மூலப்பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். பவரில் எழுதப்படாத சொத்தை முகவர் தொடவே முடியாது.

படி 2: வினைச்சொற்களுக்கு அடியில் கோடு போடுங்கள். எல்லாமே இதில்தான் இருக்கிறது. வரைவில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “மனையை நிர்வகிக்கவும், வரி செலுத்தவும், விலை பேசவும்.” படிக்கும்போது விற்கலாம் என்றே தோன்றும். ஆனால் விலை பேசுவது வேறு, கிரயம் செய்து கொடுப்பது வேறு. விற்கும் அதிகாரம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். நீதிமன்றங்கள் அதை ஊகித்துச் சேர்ப்பதில்லை. மைத்துனருக்குத் தேவையான வரி இது: “கிரயப் பத்திரம் எழுதிக் கையெழுத்திடவும், சார்பதிவாளர் முன் தாக்கல் செய்து பதியவும்.” அடமானம், தானம் இரண்டையும் அவர் தொடக்கூடாது என்றால், அதையும் தனி வரியாக எழுதிவிடுங்கள். “இன்னபிற அனைத்துச் செயல்களும்” என்று கடைசியில் வரும் வாலை நம்பவேண்டாம். மேலே சொன்ன வேலைகளுக்குத் துணையானவற்றையே அது குறிக்கும்.

படி 3: பணம் யார் கைக்குப் போகும் என்று எழுதுங்கள். “கிரயத்தொகை என் வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்தப்பட வேண்டும்” என்ற ஒரு வரி பல குடும்பச் சண்டைகளைத் தடுக்கும். குறைந்தபட்ச விலையும் குறிப்பிடலாம். மைத்துனர் விவரத்தை மறைத்துத் தன் மனைவி பெயருக்கே மலிவாக விற்றால், அந்த விற்பனையை ஏற்க மறுத்து நீதிமன்றம் போக 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது. தன் அதிகாரத்தை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கவும் பத்திரம் அனுமதித்தாலொழியப் பொதுவாக அவரால் முடியாது.

படி 4: எழுதிக்கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் இறந்தாலோ சித்த சுவாதீனத்தை இழந்தாலோ, முகவருக்கே அந்தச் சொத்தில் தனி உரிமை இருக்கும் அரிதான நேர்வுகள் தவிர, பவர் முடிந்துவிடும். அதனால்தான் முகவர் விற்கும்போது, எழுதிக்கொடுத்தவர் உயிருடன் இருப்பதற்கான சான்றைத் தமிழகச் சார்பதிவாளர் அலுவலகங்களில் கேட்கிறார்கள். வாங்குபவரும் ஒரு வீடியோ அழைப்பில் அவரிடமே பேசிவிடுவது நல்லது.

படி 5: ரத்து செய்ய நினைத்தால் வாய்வார்த்தை போதாது. ரத்து ஆவணத்தைப் பதிவு செய்து, முகவருக்கு ஒப்புகையுடன் விரைவுத்தபால் அனுப்புங்கள். விலை பேசிக்கொண்டிருப்பவர் தெரிந்தால் அவருக்கும் எழுதுங்கள். ரத்தானது தெரியாமல் முகவரோடு ஒப்பந்தம் செய்தவரைச் சட்டம் பாதுகாக்கும். பிறகு வில்லங்கச் சான்று போட்டு, ரத்து அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.