விண்கலன் ஏன் தகதகக்கிறது? வெப்பக் கவசத்தை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகேந்திரகிரியில், மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான என்ஜின்கள் சோதிக்கப்படுவதால், நெல்லை மாவட்டப் பிள்ளைகளுக்கு அந்தத் திட்டம் பக்கத்து ஊர்ச் சங்கதி. அறிவியல் கண்காட்சிக்குக் கலனின் மாதிரி செய்யும் பிள்ளைகளும் அவர்களுக்கு உதவும் ஆசிரியர்களும், கலன் பூமிக்குத் திரும்புவதை விளக்க இரண்டு வாக்கியங்களை எழுதிவிடுவதுண்டு: "காற்றோடு உராய்வதால் கலன் சூடாகிறது." "உருகாத உறுதியான கவசம் அந்தச் சூட்டைத் தாங்குகிறது." இரண்டுமே தவறு. இரண்டாவது கூடுதல் தவறு, ஏனென்றால் அதை நம்பிச் செய்யும் மாதிரியும் சோதனையும் தலைகீழாகப் போய்விடும்.

முதலில் உராய்வு. பூமியைத் தாழ்வான பாதையில் சுற்றும் கலன் விநாடிக்கு ஏறத்தாழ 7.8 கி.மீ. ஓடுகிறது. திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரிக்குப் பத்துப் பன்னிரண்டு விநாடி போதும். இந்த வேகத்தில் கலனின் ஒவ்வொரு கிலோவிலும் 30 மெகாஜூல் அளவுக்கு இயக்க ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்க 2.6 மெகாஜூல் போதும் என்பதை வைத்து இதன் அளவைப் புரிந்துகொள்ளலாம். தரைக்கு வருவதற்குள் இவ்வளவும் எங்காவது போயாக வேண்டும்.

கலனுக்கு எதிரே இருக்கும் காற்றுக்கு "கலன் வருகிறது" என்ற செய்தி ஒலியின் வேகத்தில்தான் போகும். கலனோ அதைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வருகிறது. ஆகவே காற்றுக்கு விலக நேரமில்லை. அது கலனின் முகத்துக்கு முன்னால் குவிந்து, மெல்லிய ஓர் எல்லையில் திடீரென்று நசுங்குகிறது. அந்த எல்லைதான் அதிர்ச்சி அலை. அதைத் தாண்டியதும் காற்றின் வெப்பம் பல ஆயிரம் டிகிரிக்கு ஏறுகிறது. ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடைகின்றன, நைட்ரஜனும் உடையத் தொடங்குகிறது, சில அணுக்கள் எலெக்ட்ரானை இழக்கின்றன. நாம் பார்க்கும் ஒளி இந்தக் காற்றிலிருந்தும், காய்ந்து சிவந்த கவசத்தின் முகத்திலிருந்தும் வருகிறது. இந்த ஒளிக்கு எதுவும் தீப்பற்ற வேண்டியதில்லை, எனவே மாதிரியின் அடியில் தீ நாக்குகளை வரைவது பொருந்தாது. அதே எலெக்ட்ரான்கள்தான் ரேடியோ அலையைத் தடுத்துச் சில நிமிடம் தொடர்பைத் துண்டிக்கின்றன. உராய்வு இல்லவே இல்லை என்றும் சொல்லக் கூடாது. கலனின் பக்கச் சுவர்களை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றடுக்கில் அது உண்டு. ஆனால் கலனின் முன்முகமான மூக்கில் சூட்டைத் தருவது நசுங்கிய காற்றுதான்.

காற்றின் வெப்பமும் கவசத்தின் வெப்பமும் ஒன்றல்ல

"காற்று ஏழாயிரம் டிகிரி, எனவே ஏழாயிரம் டிகிரி தாங்கும் பொருள் வேண்டும்" என்று அடுத்த தவறு வருகிறது. அப்படி ஒரு பொருளே கிடையாது. அது தேவையும் இல்லை. அந்த உயரத்தில் காற்று மிக மெல்லியது. கவசத்துக்கு முக்கியமானது ஒரு சதுர மீட்டருக்கு விநாடிதோறும் எவ்வளவு ஆற்றல் வந்து சேர்கிறது என்பதுதான். மூக்கின் நடுப்புள்ளிக்கு இதைக் கணக்கிட, பொறியாளர்கள் முதல் மதிப்பீட்டுக்கு எடுக்கும் சூத்திரம் இது:

```
q = 1.74 × 10⁻⁴ × √(ρ / R) × V³
```

q என்பது சதுர மீட்டருக்கு வாட், ρ காற்றின் அடர்த்தி, R மூக்கு வளைவின் ஆரம், V வேகம். எல்லாம் கிலோ, மீட்டர், விநாடி அலகில்.

ஒரு கலனுக்குப் போட்டுப் பார்ப்போம். மூக்கின் ஆரம் அரை மீட்டர், உயரம் 60 கி.மீ., அங்கே காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 0.00031 கிலோ, வேகம் விநாடிக்கு 6,500 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விடை சதுர மீட்டருக்குச் சுமார் 12 லட்சம் வாட். இவ்வளவு ஆற்றலை வாங்கும் கறுத்த பரப்பு தானும் சிவந்து ஒளியாக அதைத் திருப்பி வீசும். வாங்குவதும் வீசுவதும் சமமாகும் இடத்தில் பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 1,950 டிகிரி செல்சியசில் நிற்கும். காற்று எவ்வளவு சூடாக இருந்தாலும் பரப்பு அதற்கு மேல் ஏறுவதில்லை. சிவந்து மின்னுவது கவசம் தோற்றதன் அடையாளம் என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அப்படி மின்னுவதே சூட்டை வெளியேற்றும் வழி.

இப்போது ஆரத்தை மட்டும் 5 செ.மீ. ஆக்கிப் பாருங்கள். அதாவது கூர்மூக்கு. R பத்தில் ஒன்றாகிவிட்டதால் வெப்பம் மூன்று மடங்குக்கு மேலாகி 37 லட்சம் வாட்டைத் தாண்டுகிறது. பரப்பு 2,700 டிகிரிக்குப் போகிறது. கூரான மாதிரி செய்து "காற்றைக் கிழித்துக்கொண்டு வரும்" என்று எழுதுவது ஏன் தவறு என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரியும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஜூலியன் ஆலன் இதைத்தான் காட்டினார். மழுங்கிய முகம் அதிர்ச்சி அலையைத் தன்னிடமிருந்து தள்ளி நிறுத்துகிறது. சூடான காற்றின் பெரும்பகுதி கலனைத் தொடாமலே பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. கலனின் இயக்க ஆற்றலில் மிகச் சிறு பங்குதான் கவசத்துக்குள் இறங்குகிறது. பெரும் பாரத்தை வடிவமே இறக்கிவைத்துவிடுகிறது, மிச்சத்தைத்தான் பொருள் பார்த்துக்கொள்கிறது.

தாங்குவது அல்ல, வெளியேற்றுவது

அந்த மிச்சத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. 2007 ஜனவரி 10 அன்று பி.எஸ்.எல்.வி. சி7 ராக்கெட் ஏற்றிச் சென்று, ஜனவரி 22 அன்று வங்காள விரிகுடாவில் இறங்கிய இஸ்ரோவின் எஸ்.ஆர்.இ.-1 என்ற மீட்புச் சோதனைக் கலனில் இரண்டுமே இருந்தன. மூக்கில் கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த கார்பன் பீனாலிக். சூடு குறைவான மற்றப் பரப்பில் சிலிக்கா ஓடுகள். சிலிக்கா ஓடு நுண்ணிய இழைகளும் காற்றிடைவெளியுமாக இருப்பதால், வெளிமுகம் சிவந்து வீசிக்கொண்டிருக்க, பின்பக்கத்துக்கு வெப்பம் மெல்லத்தான் ஊரும். மூக்குக்கு அது போதாது.

கார்பன் பீனாலிக் தன்னைச் செலவழித்துக் காக்கும் வகை. சூடேறியதும் உள்ளிருக்கும் பிசின் சிதைந்து வாயுவாகிறது. சிதைவதற்கே வெப்பம் செலவாகிறது. பிறந்த வாயு வெளியே வந்து, எதிரே வரும் சூடான காற்றைச் சற்றுத் தள்ளி நிறுத்துகிறது. பின்தங்கும் கரி, நாம் மேலே கணக்கிட்டதுபோல் சிவந்து வீசுகிறது. கரிக்குக் கீழே சிதையும் அடுக்கு, அதற்கும் கீழே இன்னும் தொடப்படாத பொருள். "கவசம் எரிந்துபோகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் இந்த மூன்றடுக்கு வேலை மறைந்துவிடும். கரி கழிவுப்பொருள் அல்ல, அதுதான் முன்னணியில் நிற்கும் பாகம். அது இடத்தில் நிற்க வேண்டும், வாயு அதனூடே வெளியேற வேண்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் கவசம் வேலை செய்யும்.

நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2022 டிசம்பர் 11 அன்று திரும்பிய நாசாவின் ஆளில்லா நிலவுப் பயணமான ஆர்ட்டெமிஸ்-1 தெளிவான சான்று. நிலவிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 11 கி.மீ. வேகத்தில் வந்த ஒரையன் கலனின் அடியில் ஆவ்கோட் என்ற பிசின் கலவைக் கட்டைகள் ஒட்டப்பட்டிருந்தன. கலன் பத்திரமாக இறங்கியது. உள்ளே ஆள் இருந்திருந்தால் சௌகரியமாகவே இருந்திருப்பார். ஆனால் கவசத்தைப் பார்த்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கரி துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தது.

சூடு அதிகமாகிவிட்டது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நாசா 2024 டிசம்பரில் சொன்ன காரணம் அதற்கு நேர்மாறு. அந்தக் கலன் ஒருமுறை காற்றுக்குள் இறங்கி, மேலே எழும்பி, மறுபடி இறங்கும் பாதையில் வந்தது. இடைப்பட்ட நேரத்தில் வெளியே வெப்பம் வரும் வேகம் தணிந்தது. ஆனால் உள்ளே ஏற்கெனவே ஊறிய சூடு பிசினைச் சிதைத்து வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருந்தது. வாயு வழிந்தோட இடம் தரும் கரி உருவாவதோ மந்தமாகிவிட்டது. வாயு சிக்கி அழுத்தம் ஏறி, பரப்பு வெடித்தது. ஈரமான மண் ஓடு ஒன்றை நெருப்பில் காட்டினால் உள்ளே பிறந்த நீராவி வழியின்றி அதைப் பிளப்பதும் இதே கதைதான். முன்பு தரையில் செய்த சோதனைகள் பறப்பில் இருந்ததைவிடக் கூடிய வெப்ப வேகத்தில் நடந்தவை. அங்கே கரி விரைவாக உருவாகி வாயுவுக்கு வழி விட்டதால் குறை வெளிப்படவில்லை. வெப்ப வேகத்தைக் குறைத்துச் சோதித்தபோதுதான் அதே வெடிப்பு வந்தது. கவசத்தில் வாயு எளிதாக ஊடுருவும் பகுதிகள் மட்டும் பறப்பிலும் வெடிக்காமல் தப்பியிருந்தன. "கடும் சூட்டில் தேறினால் குறைந்த சூட்டில் தானாகத் தேறும்" என்ற எண்ணம், நம் மேசைச் சோதனையிலும் தவிர்க்க வேண்டிய ஒன்று.

கண்காட்சி மேசையில்

வழக்கமாக அலுமினியத் தகட்டையும் மெல்லிய தக்கையையும் கேஸ் டார்ச்சில் காட்டி ஒப்பிடுவார்கள். எடை சமமில்லாத ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை, ஏனென்றால் விண்ணுக்கு அனுப்புவதில் எடைதான் விலை. 2 செ.மீ. தடிப்புள்ள காய்ந்த மரப்பலகைக்கு ஏறத்தாழ 5 மி.மீ. அலுமினியத் தகடு எடையில் சமம். இரண்டையும் 10 செ.மீ. சதுரமாக வெட்டித் தராசில் வைத்துச் சரிபாருங்கள். சுடரை ஒரே தொலைவில், ஒரே நிமிடம், ஆசிரியர் முன்னிலையில் காட்டுங்கள். பின்பக்கம் ஒட்டிய வெப்பமானி அலுமினியத்தில் மளமளவென்று ஏறும், மரத்தில் அந்த நிமிடத்துக்குள் அசையாது. மரத்தை இரண்டாக அறுத்தால் கரி, பழுப்பு அடுக்கு, புது மரம் மூன்றும் கண்ணுக்குத் தெரியும். அறுத்த துண்டையே பார்வைக்கு வையுங்கள், படத்தைவிட அது நன்றாகப் பேசும். ஈரக் களிமண், சிமென்ட் துண்டு இவற்றை மட்டும் சுடரில் காட்ட வேண்டாம், சில்லு தெறித்துக் கண்ணில் படும்.

சுடரை அணைத்ததும் வெப்பமானியைக் கழற்றிவிடுவது கடைசித் தவறு. முகத்தில் தேங்கிய சூடு பின்பக்கத்துக்கு ஊர்ந்துவர நேரமாகும். பலகையின் பின்பக்க உச்சம் அணைத்து வெகுநேரம் கழித்தே வரும். நிஜக் கலனிலும் கவசத்தின் தடிப்பை முடிவுசெய்வது உச்ச வெப்ப நொடி மட்டுமல்ல, அதற்குப் பிறகு உள்ளே ஊறும் மொத்தச் சூடும்தான். ஆகவே சுடர் நின்ற பிறகும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை, அளவு இறங்கத் தொடங்கும்வரை குறித்துக்கொண்டே இருங்கள்.