பெயரை வைத்து வாடிக்கையாளர் பட்டியலை இணைக்காதீர்கள்

கும்பகோணத்தில் குத்துவிளக்கு மொத்த வியாபாரம் செய்யும் மாமாவின் கடையில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த விசிட்டிங் கார்டுகளை ஸ்கேன் செய்தோம். மின்னஞ்சல்களின் அடியில் இருந்த கையொப்ப விவரங்களையும் சேர்த்து எக்செலில் ஒரே பட்டியலாக்கினோம். பிறகு ஒரே பெயர் உள்ளவர்களை ஒன்றாக்கினோம். தவறு அங்கேதான் தொடங்கியது.

நம் பெயர்களில் இனிஷியல் ஓரிடத்தில் நிற்பதில்லை. பெயரை மாற்றிச் சொல்கிறேன்: கார்டில் ‘எஸ். முருகன்’, கையொப்பத்தில் ‘முருகன் எஸ்’, இன்னொன்றில் தந்தை பெயரோடு ‘முருகன் சுப்பிரமணியன்’. ஒரே ஆள் மூன்று வரிகளில் நின்றார். ஆனால் மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் இருந்த இரண்டு எஸ். முருகன்கள் ஒருவராகிவிட்டார்கள். மன்னார்குடிக்குச் சொன்ன விலை மயிலாடுதுறைக்குப் போய்விட்டது. இரண்டு கடைக்காரர்களிடமும் மாமா வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

ஆளை அடையாளம் காட்டுவது கைபேசி எண். அதுவும் ஒரே வடிவத்துக்கு வந்த பிறகுதான் ஒப்பிட உதவும். ஒரு கார்டில் +91, இன்னொன்றில் முன்னால் 0, வேறொன்றில் நடுவே இடைவெளி இருக்கும். எண்களைப் பதியும் முன்பே அந்தப் பத்தியை Text வடிவத்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் எக்செல் முன்னால் இருக்கும் 0-ஐ விழுங்கிவிடும். B பத்தியில் எண் இருந்தால், பக்கத்துப் பத்தியில் இதை இடுங்கள்:

```
=RIGHT(SUBSTITUTE(SUBSTITUTE(B2," ",""),"-",""),10)
```

கடைசிப் பத்து இலக்கங்கள் மட்டும் மிஞ்சும். ஒரே கட்டத்தில் சாய்கோடு போட்டு இரண்டு எண்கள் இருந்தால் இது குப்பையைத் தரும். முதலில் அவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் பிரித்துவிடுங்கள்.

தமிழ்நாட்டு வாடிக்கையாளரின் எண் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கினால் கைபேசி. 435 என்று தொடங்கினால் அது 0435, கும்பகோணத்துத் தரைவழி எண். அதை வைத்து யாரையும் இணைக்காதீர்கள். அப்பா, மகன், கணக்குப்பிள்ளை மூவருக்கும் கடையில் ஒரே தொலைபேசிதான் இருக்கும். கார்டில் ஊர்க்குறியீடு இல்லாமல் ஆறு இலக்கம் மட்டும் இருந்தால், முகவரியில் உள்ள ஊரைப் பார்த்துக் குறியீட்டைச் சேருங்கள்: தஞ்சாவூர் 04362, திருவாரூர் 04366, மயிலாடுதுறை 04364.

மின்னஞ்சலில் வேறொரு பொறி உண்டு. பதில்மேல் பதிலாக நீண்ட கடிதத்தில் பலருடைய கையொப்பங்கள் அடுக்காக இருக்கும். எங்கள் பட்டியலில் ஒரு வாடிக்கையாளரின் பெயருக்கு நேராக மாமாவின் எண்ணே ஏறியிருந்தது! அனுப்பியவர் முகவரியோடு பொருந்தும் மேல் கையொப்பத்தை மட்டும் எடுங்கள்.

எண் ஒத்துவந்ததும் Remove Duplicates பொத்தானை அழுத்திவிடாதீர்கள். அது முதல் வரியை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடும். பழைய கார்டில் முகவரி இருக்கும், புதிய கையொப்பத்தில் மின்னஞ்சல் இருக்கும்; முதல் வரி பழைய கார்டாக இருந்தால் மின்னஞ்சல் போய்விடும். ஒத்த வரிகளை அடுத்தடுத்து வைத்து, காலியான கட்டங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நிரப்புங்கள். முரண்படும் விவரத்தில் தேதி புதியதை எடுங்கள். இதற்காகவே எங்கள் பட்டியலில் ‘எங்கிருந்து வந்தது’, ‘எப்போது’ என்று இரண்டு பத்திகள் வைத்தோம். கார்டில் தேதி இராது. மாமாவின் நினைவிலிருந்து தோராயமான ஆண்டைக் கேட்டு எழுதினோம்.