ஹெட் அடைத்தால் இங்க்கைக் கொட்ட வேண்டாம்

பிரிண்ட் கோடு கோடாக விழுந்ததும், இங்க்கைத் தெளிக்கும் ஹெட்டைச் சுத்தமாக்க ஹெட் கிளீனிங் கொடுக்கிறோம். சரியாகாவிட்டால் மறுபடியும், மறுபடியும். இங்க் அதிகம் வீணாவது இங்கேதான். எப்சன் எல்3110 போன்ற டேங்க் பிரிண்டரில் ஒவ்வொரு கிளீனிங்கும் அடைக்காத நிறங்களையும் சேர்த்து உறிஞ்சி, கழிவு இங்க்கை உறிஞ்சி வைக்கும் வேஸ்ட் இங்க் பேடில் கொட்டுகிறது. பேட் நிரம்பியதாகக் கணக்கு வந்தால் பிரிண்டர் வேலை செய்வதையே நிறுத்திவிடும்.

அதனால் முதலில், ஹெட்டின் நுண்துளைகள் எல்லாம் இங்க் விடுகின்றனவா என்று காட்டும் நாசில் செக் தாளை மட்டும் எடுங்கள். அந்தத் தாளைக் குப்பையில் போடாமல் வரிசை எண் எழுதி வைப்பது முக்கியம். ஒரு கிளீனிங்குக்குப் பிறகு இன்னொரு தாள் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அச்சான கோடுகளில் வெட்டுகள் அதே இடத்தில் இருந்தால் பெரும்பாலும் இங்க் காய்ந்து அடைத்திருக்கிறது. இடம் மாறினால், அல்லது கூடினால், காற்று புகுந்திருக்கலாம். அப்போது மேலும் கிளீனிங் கொடுப்பது நிலைமையை மோசமாக்கக்கூடும். டேங்கில் இங்க் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிரிண்டரைச் சும்மா விட்டுவிடுங்கள்.

கோடை விடுமுறை முழுக்க ஓடாத பிரிண்டரில் மஞ்சளில் ஐந்து வெட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளீனிங்கில் அது இரண்டாகக் குறைந்து, இரண்டும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. அடைப்பு கரைகிறது என்று அர்த்தம். இனி எல்லா நிறத்தையும் உறிஞ்ச வேண்டியதில்லை. முழு மஞ்சள் கட்டம் போட்ட பக்கம் ஒன்றிரண்டை உயர்ந்த தரத்தில் அச்சடித்தால் பெரும்பாலும் மஞ்சள்தான் செலவாகும். அதற்கும் அசையாவிட்டால், மூன்று கிளீனிங்கோடு நிறுத்திக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருங்கள். எப்சனின் கையேடும் இதையே சொல்கிறது. பொறுமையாக இருந்தால் பல அடைப்புகள் இந்த ஊறலிலேயே இளகிவிடும்.

ஊசியில் தண்ணீரை அழுத்தி ஏற்றுவது, அசிட்டோன் ஊற்றுவது இரண்டும் ஹெட்டைக் கொன்றுவிடும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், அதன் உப்பு படியும். ஹெட் வந்து நிற்கும் கேப்பின் பஞ்சு நனையும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் சில சொட்டு விட்டு, ஹெட்டை அதன்மேல் இரவு முழுக்க நிறுத்தினால் போதும். வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை நேராக அணைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். பிரிண்டரின் சொந்தப் பட்டனில் அணைத்தால்தான் ஹெட் கேப்பில் ஒழுங்காக மூடிக்கொள்ளும்.

கடைசி வழி, குழாய்களில் இருக்கும் இங்க்கையே மாற்றிவிடும் பவர் கிளீனிங். ஒவ்வொரு டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது இங்க் இருந்தால்தான் அதைத் தொடலாம்; இல்லையேல் காற்றை இழுத்துக்கொள்ளும். அதை ஒருமுறை செய்து, மறுபடி 12 மணி நேரம் காத்த பிறகும் அதே நாசில்கள் அதே இடத்தில் செத்திருந்தால் நிறுத்திவிடுங்கள். ஒரு நிறம் முழுவதுமே வரவில்லை என்றால் கேப், பம்ப், குழாயைப் பார்க்க மெக்கானிக் வேண்டும். புது ஹெட்டுக்கான செலவு புது பிரிண்டர் விலையை நெருங்கினால் ஹெட் மாற்றாதீர்கள். கார்ட்ரிட்ஜிலேயே ஹெட் இருக்கும் மாடல் என்றால் இவ்வளவு போராட்டமே தேவையில்லை, கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள்.