கல்லாவில் கிடக்கும் பணம் யாருடையது? கடனுக்கு வாங்கி ரொக்கத்துக்கு விற்கும் கடைக்கான நடைமுறை மூலதனக் கணக்கு

என் சித்தப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். அரிசி, பருப்பு எல்லாம் மண்டியில் போன ஆண்டு வரை 20 நாள் கடன். சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் போன்ற கம்பெனிச் சரக்கு ஏஜென்சியில் ஒரு வாரக் கடன். அடுத்த பில் போடும்போது பழைய பில்லைத் தீர்க்க வேண்டும். விற்பனை பெரும்பாலும் கைமேல் காசு. கொஞ்சம் பேருக்கு மட்டும் நோட்டில் எழுதிக் கொடுப்பார். இப்படிப்பட்ட கடையில் கல்லா எப்போதும் நிறைந்தே தெரியும். ஆனால் மண்டிக் கணக்குப்பிள்ளை வந்து உட்கார்ந்ததும், “அண்ணாச்சி, ரெண்டு நாள் கழிச்சு வாங்களேன்” என்று சொல்ல வேண்டியிருக்கும். கடையில் லாபம் இருக்கிறது, காசு மட்டும் இல்லை. இது ஏன், எவ்வளவு காசு குறைகிறது என்று கண்டுபிடிக்க ஒரு நோட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் போதும். சித்தப்பா கடையின் அப்போதைய எண்களையே காட்டுகிறேன், கணக்குக்கு வசதியாகக் கொஞ்சம் முழுமையாக்கி.

படி 1: ஒரு நாளில் எவ்வளவு அடக்கவிலைச் சரக்கு போகிறது?

தினசரி விற்பனை 10,000 ரூபாய். இது விற்ற விலை. நமக்கு வேண்டியது, போன சரக்கை நாம் வாங்கிய விலை. பொருளுக்குப் பொருள் லாபம் மாறும் என்பதால் தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் மாதக் கணக்காகப் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் இருந்த சரக்கு, அதோடு அந்த மாதம் வாங்கிய பில்கள், அதில் மாதக் கடைசியில் மீந்த சரக்கைக் கழியுங்கள். வருவதை 30-ஆல் வகுத்தால் ஒரு நாள் அடக்கம். இங்கே அது 8,800 வந்தது. ஆக, பத்தாயிரம் விற்றால் 1,200 ரூபாய்தான் கடையினுடையது. மீதி 8,800 இன்றைக்கோ இன்னும் சில நாளிலோ மண்டிக்கும் ஏஜென்சிக்கும் போக வேண்டியது.

படி 2: மூன்று தொகைகளை எடுங்கள்

கடையைச் சாத்திவிட்டு இருப்பெடுங்கள். வாங்கிய விலையில் எழுதுங்கள், எம்.ஆர்.பி.யில் அல்ல. காலாவதியானதையும் எலி கடித்ததையும் சேர்க்காதீர்கள். அவை இனிக் காசாகாது. சித்தப்பா கடையில் இருப்பு 2,20,000 ரூபாய். நோட்டில் வரவேண்டியது 50,000. கட்டாத பில்கள் எல்லாம் சேர்த்து 1,20,000.

இருப்பையும் வரவேண்டியதையும் கூட்டி, கட்ட வேண்டியதைக் கழித்தால் 1,50,000. இந்த ஒன்றரை லட்சம் சரக்காகவும் பாக்கியாகவும் எப்போதும் கடைக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் சொந்தப் பணம். நடைமுறை மூலதனம் என்று புத்தகத்தில் சொல்வது இதைத்தான் (கல்லாவில் சில்லறைக்கு வைத்திருப்பது தனி).

நாள் கணக்கில் பார்த்தால் இன்னும் விளங்கும். 2,20,000-ஐ 8,800-ஆல் வகுத்தால், வாங்கிய சரக்கு விற்றுப்போக 25 நாள். நோட்டுப் பாக்கி ஐந்து நாள் விற்பனை. கடன் தருபவர்கள் நமக்குக் கொடுக்கும் அவகாசம் சராசரியாக 14 நாள். 25-ம் 5-ம் 30. அதில் 14 போக 16 நாள். அந்த 16 நாளைத் தாங்குவது சொந்தக் காசு.

படி 3: சரக்கு வாரியாகப் பிரியுங்கள்

மொத்தக் கணக்கோடு நிறுத்திவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. சித்தப்பாவுக்கே ஆச்சரியமாக இருந்தது இந்தப் படிதான். சரக்கை மூன்றாகப் பிரித்து எழுதினோம்.

அரிசி, பருப்பு: ஒரு நாள் அடக்கம் 4,000. இருப்பு 60,000, அதாவது 15 நாளில் தீர்ந்துவிடும். மண்டிக் கடன் 20 நாள், பாக்கி 80,000. சரக்கு விற்றுக் காசு கைக்கு வந்து ஐந்து நாள் கழித்துத்தான் மண்டிக்குக் கட்டுகிறார். இங்கே சொந்தக் காசு ஒரு பைசா தேவையில்லை. மண்டியின் 20,000 ரூபாய்தான் இவர் கையில் சுற்றுகிறது.

எண்ணெய், மாவு: ஒரு நாளைக்கு 2,000. இருப்பு 10 நாள், கடனும் 10 நாள். சரிக்குச் சரி.

கம்பெனிச் சரக்கு: ஒரு நாளைக்கு 2,800. இருப்பு 1,40,000, அதாவது 50 நாள்! கடன் ஒரே வாரம், பாக்கி சுமார் 20,000. மீதி 1,20,000 ரூபாய் அலமாரியில் ஷாம்பு சாஷேவாகவும் பாத்திரம் கழுவும் சோப்பாகவும் தொங்கிக்கொண்டும் அடுக்கிக்கொண்டும் இருக்கிறது.

அரிசியில் வரும் மண்டிக் காசு சத்தமில்லாமல் சோப்பு அலமாரிக்குள் போய்விடுகிறது. மண்டிக்காரர் கேட்கும்போது கல்லா காலியாக இருப்பதன் ரகசியம் இதுதான். மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக வரும் சேல்ஸ்மேன், “இன்னும் ரெண்டு பெட்டி எடுத்துக்கங்க அண்ணாச்சி, ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா” என்பார். இரண்டு மாதம் விற்க வேண்டிய சரக்கை இரண்டு சதவீதத்துக்காக எடுப்பது, பணம் சும்மா கிடப்பவருக்குச் சரி. ஏழாம் நாள் கட்ட வேண்டியவருக்குச் சரிவராது.

படி 4: அடக்கத்தை அன்றன்றே பிரித்து வையுங்கள்

ஓட்டை எங்கே விழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கடையின் பங்கு ஒரு நாளைக்கு 1,200. வாடகை, கரண்ட், பையன் சம்பளம் 500 போக மிச்சம் 700. ஆனால் வீட்டுக்கு, கல்லாவிலிருந்து அவ்வப்போது எடுப்பது ஆயிரம் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 300 ரூபாய்தானே என்று தோன்றும். மாதம் 9,000. அது மண்டிக்காரர் பணம்.

இது உடனே தெரியாது. புதுச் சரக்கு வந்துகொண்டே இருக்கும், பழைய பில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிப்போகும். மண்டிச் சரக்கு நாளைக்கு 4,000 என்பதால், மாதம் 9,000 குறைந்தால் பில் கட்டும் நாள் மாதத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் பின்தங்கும். ஐந்து மாதத்தில் 20 நாள் பில்லை 31-ஆம் நாள் கட்டுவீர்கள். அதனால் மொத்தப் பாக்கியைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, கட்டாமல் இருக்கும் ஆகப் பழைய பில்லின் தேதி. வாரா வாரம் அதை மட்டும் காலண்டரில் குறித்துவாருங்கள். விற்பனை அப்படியே இருக்க அந்தப் பில்லின் வயது ஏறினால் எங்கோ கசிகிறது.

அடைக்கும் வழி பழையதுதான். எங்கள் தாத்தா கடையில் இரண்டு தகரப் பெட்டி இருந்தது. இரவு கடை சாத்தும்போது நூற்றுக்கு 88 ஒரு பெட்டியில், 12 இன்னொன்றில். வீட்டுக்கு எடுப்பதென்றால் இரண்டாவதில் இருந்து, அதுவும் செலவு போக மிச்சத்தில். இப்போது பாதி விற்பனை கியூஆர் வழியாகப் போனில் விழுவதால் பெட்டிக்குப் பதில் இரண்டு வங்கிக் கணக்கு வேண்டும். கடை கியூஆரில் வரும் பணம் சரக்குக் கணக்கில் மட்டும் விழட்டும். மண்டி, ஏஜென்சி பில் அதிலிருந்து போகட்டும். மகள் ஸ்கூல் பீஸும் கேஸ் சிலிண்டரும் வேறு கணக்கில். இரவு ரொக்கத்தையும் சேர்த்து எண்ணி, எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம் மாற்றிச் சரிசெய்தால் போதும்.

படி 5: பற்றாக்குறையை எதைக் கொண்டு அடைப்பது?

பலரும் ஓடுவது தண்டலுக்கு. பத்தாயிரம் என்று பேர். கையில் தருவது 8,500. தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும் என்று வையுங்கள். வட்டி 15 சதவீதம் போலத் தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால், நூறு நாளில் சராசரியாக உங்கள் கையில் இருப்பது அதில் பாதிதான். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். நூற்றுக்குப் பன்னிரண்டு லாபம் வைக்கும் மளிகை இதைத் தாங்காது.

வங்கியில் கேஷ் கிரெடிட் கேட்டால், சிறு கடைகளுக்கு ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் வரை நடைமுறை மூலதனக் கடன் என்று ஒரு கணக்குமுறை உண்டு. இந்தக் கடைக்கு ஆண்டு விற்பனை 36 லட்சம். கணக்குப்படி 7,20,000 வரும். படி 2-இல் பார்த்த தேவையோ ஒன்றரை லட்சம், அதுவும் ஏற்கெனவே சொந்தப் பணமாக உள்ளே இருக்கிறது. கிடைக்கிறதே என்று எடுத்தால் அது சரக்காகாமல் மாடிக் கட்டடமாகிவிடும். இன்னொன்று: இருப்பு முழுவதற்கும் கடன் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். இருப்பை வைத்துக் கடன் தரும்போது, கட்டாத பில்களைக் கழித்து மீதியைத்தான் வங்கி உங்கள் சரக்காக எடுத்துக்கொள்ளும். அதிலும் ஒரு பங்கு மார்ஜின் பிடிக்கும்.

வங்கிப் பணம் கையில் இருந்தால் ஒரு கணக்குப் போடலாம். கைமேல் கொடுத்தால் மண்டியில் ஒரு சதவீதம் குறைத்துக்கொள்வார்கள் என்றால், 20 நாளுக்கு ஒரு சதவீதம் ஆண்டுக்குச் சுமார் 18 சதவீதம். வங்கி வட்டி 12 என்றால் வாங்கிக் கட்டுவது லாபம். தண்டல் வாங்கிக் கட்டுவது வடிகட்டிய நஷ்டம்.

படி 6: மண்டி நாளைக்கே கடனைச் சுருக்கினால்?

இது கற்பனை இல்லை. சித்தப்பாவுக்குப் போன ஆண்டு நடந்தது. மண்டியில் 20 நாளை 10 நாளாக்கிவிட்டார்கள். ஒரு நாள் 4,000 என்றால் பத்து நாளைக்கு 40,000. விற்பனை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, லாபமும் அதேதான். ஆனால் நாற்பதாயிரம் உடனே வேண்டும். முதல் வாரம் அவரும் தண்டலில்தான் கொஞ்சம் வாங்கினார்.

அப்புறம் சோப்பு அலமாரியில் கை வைத்தோம். ஒவ்வொரு பொருளுக்கும் வாரத்தில் எத்தனை போகிறது என்று சிலேட்டில் எழுதி, நான்கு வாரச் சரக்குக்கு மேல் இருப்பதை வாங்குவதை நிறுத்தினோம். ஏஜென்சி வண்டி வாரா வாரம் வருகிறது. ஐம்பது நாள் இருப்பு எதற்கு? ஒரே சோப்பில் நான்கு அளவு வைத்திருந்ததை ஓடுகிற இரண்டாகக் குறைத்தோம். சேல்ஸ்மேனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இரண்டரை மாதத்தில் கம்பெனிச் சரக்கு 50 நாளிலிருந்து 30 நாளுக்கு வந்தது. 20 நாள், நாளைக்கு 2,800: வெளியே வந்தது 56,000. மண்டிக்கு 40,000 போய், மீதி 16,000-இல் தண்டல் பாக்கி அடைந்தது. அலமாரியில் காலியான இரண்டு தட்டில் சித்தி இப்போது வடகம், அப்பளம் அடுக்கியிருக்கிறார். வீட்டில் போட்டது, ரொக்கம் மட்டும்.