புதினா சட்னி கறுப்பதும் கசப்பதும் எங்கே தொடங்குகிறது

சட்னி கறுத்துப் போனால் நாம் முதலில் மிக்ஸியைத்தான் குறை சொல்கிறோம். பிளேடு மழுங்கிவிட்டது, ஜார் சூடாகிறது என்கிறோம். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இட்லிக்கு வதக்கி அரைக்கும் புதினா சட்னியில் நிறம் பெரும்பாலும் வாணலியிலேயே போய்விடுகிறது. மிக்ஸிக்கு வரும்போது இலை ஏற்கெனவே பாதி பழுப்பாகத்தான் இருக்கிறது.

அடுத்த முறை புதினாவை வதக்கும்போது, வேறு வேலை பார்க்காமல் வாணலியையே கவனியுங்கள். இலை எண்ணெயில் பட்டதும் சில நொடிகளில் முன்பிருந்ததைவிடப் பளிச்சென்று பச்சையாகும். இலைக்குள் சிக்கியிருக்கும் காற்று சூட்டில் வெளியேறுவதால் பச்சை நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. அப்படியே இலை சுருளும், பச்சை கொஞ்சம் அடர்த்தியாகும். அதற்கும் மேல் விட்டால் ஓரத்தில் ஆலிவ் காய் போன்ற மங்கல் நிறம் வரும். அந்த மங்கல் வந்த பிறகு எதைச் சேர்த்தாலும் பழைய பச்சை திரும்பாது. அடுப்பை அணைக்க வேண்டியது இலை சுருண்ட அந்த நொடியில்தான். மிதமான தீயில் இரண்டு கைப்பிடி இலைக்கு முப்பது, நாற்பது நொடி போதும். பச்சை வாடை போகட்டும் என்று நாலைந்து நிமிடம் வதக்குவதுதான் நான் பார்த்தவரை முதல் தவறு.

"இலை சுருண்டதும் தட்டுல கொட்டிடும்மா, சட்டியிலயே விட்டா அணைச்ச அடுப்பும் வதக்கும்" என்று என் மாமியார் சொல்வார். வாணலி கனமாக இருந்தால், அதிலும் இரும்புச் சட்டியானால், தீயை நிறுத்திய பிறகும் சில நிமிடம் சூடு குறையாது. சரியான நேரத்தில் அணைத்தவர்கள்கூட இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அகலமான தட்டில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும்.

இலை ஏன் இப்படி நிறம் மாறுகிறது என்று தெரிந்துகொண்டால் மற்ற தவறுகளும் தானாகப் புரியும். இலைப் பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. சூடும் புளிப்பும் சேர்ந்து தாக்கினால் அந்த மக்னீசியம் விலகி, அந்த இடத்தை ஹைட்ரஜன் பிடித்துக்கொள்கிறது. அப்போது பச்சை போய்ப் பழுப்பு கலந்த ஆலிவ் நிறம் வருகிறது. சூடு மட்டும் என்றால் இது கொஞ்சம் மெதுவாக நடக்கும், குளிர்ந்த புளிப்பு மட்டும் என்றாலும் மெதுவாகத்தான். இரண்டும் ஒரே நேரத்தில் இலையைத் தொட்டால் வேகம் பிடிக்கும்.

இதை வைத்துப் பார்த்தால், புளியை இலையோடு சேர்த்து வதக்குவது எவ்வளவு தவறு என்று தெரியும். பருப்பு, மிளகாய், புளி, புதினா என்று எல்லாவற்றையும் வரிசையாக ஒரே சட்டியில் போடுவது பல வீடுகளில் வழக்கம். புளி சூட்டில் இளகி இலைமேல் ஒட்டிக்கொள்ளும், அங்கேயே வேலை முடிந்துவிடும். புளி வேண்டுமானால் வெந்நீரில் ஊறவைத்து, நன்றாக ஆறிய பிறகு அரைக்கும்போது சேர்க்கலாம். இன்னொன்று, புளிக்கே பழுப்பு நிறம் உண்டு. பளிச்சென்ற பச்சை வேண்டுமென்றால் நான் எலுமிச்சைச் சாறுக்கு மாறிவிடுவேன்.

கீரையை மூடாமல் வேகவை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதன் காரணமும் இதுவேதான். இலைக்குள்ளேயே கொஞ்சம் அமிலம் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் அதில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். மூடினால் ஆவி திரும்பச் சொட்டி இலைமேலேயே விழும். புதினா சீக்கிரம் சுருளட்டும் என்று வாணலியை மூடாதீர்கள்.

இனி மிக்ஸி. இலையை அரைக்கும்போது செல்கள் உடைகின்றன, உள்ளே இருக்கும் நொதிகள் காற்றோடு சேர்ந்து இலையைக் கறுக்க வைக்கின்றன. வெட்டிய கத்தரிக்காய் கறுப்பதும் இப்படித்தான். அதிக நேரம் அரைத்தால் காற்றும் அதிகம் கலக்கும், ஜாரும் சூடாகும். நிறத்துக்கு மட்டுமில்லை, சுவைக்கும் இது கெடுதல். நெடுநேரம் சுழன்ற பச்சை இலை ஒரு காட்டமான, நாக்கில் படியும் கசப்பைத் தரும். ஆகவே, இலை மிக்ஸிக்குள் இருக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் இங்கே முக்கியம்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்தால் இது நடக்காது. பருப்பும் தேங்காயும் மசியும் வரை இலையும் கூடவே சுழல வேண்டியிருக்கும். கடினமானவற்றை முதலில் தனியாக அரைத்துவிடுங்கள். அவை விழுதான பிறகு இலையைப் போட்டால் இருபது, முப்பது நொடியில் முடிந்துவிடும். தண்ணீரைக் கஞ்சமாக விடுவதும் தவறு. இலை பிளேடில் சிக்காமல் மேலேயே நிற்கும், நாம் திறந்து தள்ளித் தள்ளி அரைத்துக்கொண்டே இருப்போம். முதலிலேயே கால் டம்ளர் ஃபிரிட்ஜ் தண்ணீர் விடலாம், இல்லையென்றால் இரண்டு ஐஸ் கட்டி போடலாம். தொடர்ந்து ஓட விடாமல் பல்ஸில் விட்டு விட்டு ஓட்டுங்கள். இடையில் ஜாரின் அடியைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சூடு தெரிந்தால் ஒரு நிமிடம் நிறுத்துங்கள்.

கசப்புக்கு வருவோம். அது வரும் வழிகள் சில, பெரும்பாலும் இலையில் இல்லை. புதினாவில் அது தண்டு. சிவந்து தடித்த முற்றிய தண்டில் ஒரு துண்டு கடித்துப் பாருங்கள், நாரும் கசப்பும் தெரியும். இலையையும் நுனிக் கொழுந்தையும் மட்டும் ஆய்ந்துகொள்ள வேண்டும். கொத்தமல்லியில் கதை நேர்மாறு. அதன் இளந்தண்டில்தான் மணமே இருக்கிறது, அதை வீசிவிடக் கூடாது. வேரையும் வேரை ஒட்டிய தடித்த பகுதியையும் நீக்கினால் போதும். ஆனால் பூவிட்ட மல்லிக் கட்டு வந்தால் சட்னிக்கு எடுக்காதீர்கள். அதன் மேல் இலைகள் சோம்பு இலைபோல மெல்லிய இழைகளாக இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். அதில் சுவை காட்டமாக இருக்கும்.

அடுத்தது உளுந்து. பொன்னிறம் தாண்டிச் சிவந்து, நாலு பருப்பு கறுத்திருந்தால்கூட அந்தக் கருகல் கசப்பு மொத்தச் சட்னியிலும் பரவும். இலையைப் போடுவதற்கு முன் ஒரு பருப்பை வாயில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். கசந்தால் அந்தப் பருப்பைக் கொட்டிவிட்டுப் புதிதாக வறுப்பேன். இலையைக் கெடுப்பதைவிட ஒரு கரண்டி பருப்பு போவது மேல். எலுமிச்சையை ஜாருக்கு நேராகப் பிழிவதும் ஆபத்து. உள்ளே விழுந்த ஒரு விதை அரைபட்டாலும் கசப்பு ஏறும். புளியிலும் கொட்டை இல்லையா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நான் செய்த அளவைச் சொல்கிறேன், நாலு பேருக்கு இட்லிக்குத் தொட்டுக்கொள்ள. புதினா நடுத்தரக் கட்டு ஒன்று, ஆய்ந்தபின் இரண்டு கைப்பிடி. கொத்தமல்லி ஒரு கைப்பிடி. பச்சை மிளகாய் 3, இஞ்சி ஒரு சிறு துண்டு, தேங்காய்த் துருவல் கால் கப், பொட்டுக்கடலை ஒரு மேசைக்கரண்டி, உளுந்து ஒரு மேசைக்கரண்டி. காய்ந்த மிளகாய் சேர்க்கவில்லை, ஏனென்றால் சிவப்பு பச்சையோடு கலந்தால் பழுப்புதான் வரும்.

இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் உளுந்தைப் பொன்னிறமாக வறுத்தேன். அதிலேயே கீறிய மிளகாய், இஞ்சி போட்டுப் புரட்டி, எல்லாவற்றையும் தட்டுக்கு மாற்றினேன். மிச்சம் இருந்த எண்ணெயில் ஈரம் வடிந்த புதினாவை மட்டும் போட்டு, மூடாமல் இரண்டு புரட்டு. சுருண்டதும் தனித்தட்டில் பரப்பினேன். கொத்தமல்லியை வதக்கவே இல்லை. அதைப் பச்சையாகச் சேர்த்தால் சட்னியின் பச்சை தூக்கலாகத் தெரியும். எல்லாம் ஆறியதும் உளுந்து, மிளகாய், இஞ்சி, பொட்டுக்கடலை, தேங்காய், உப்பு, கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் சேர்த்து மைய அரைத்தேன். அப்புறம் புதினா, மல்லி, இரண்டு ஐஸ் கட்டி. பல்ஸில் நாலைந்து தடவை ஓட்டியதும் சரியாக இருந்தது. கிண்ணத்துக்கு மாற்றிய பிறகு, அரை மூடி எலுமிச்சைச் சாற்றை வடிகட்டிச் சேர்த்துக் கலந்தேன். தாளிப்பைக் கொதிக்கக் கொதிக்கக் கொட்டவில்லை. கடுகு வெடித்து அடங்கி, சத்தம் நின்ற பிறகுதான் ஊற்றினேன். காலை ஏழரைக்கு அரைத்தது, பத்து மணிக்கு மிச்சத்தைப் பார்த்தபோதும் மேலே மட்டும் லேசாக மங்கியிருந்தது, கிளறினால் உள்ளே பச்சை.

எலுமிச்சையை நொதிகளை அடக்கும் என்று சிலர் முதலிலேயே சேர்ப்பார்கள். உண்மைதான், புளிப்பு அந்தக் கறுப்பைத் தடுக்கும். ஆனால் நாள் முழுவதும் வைத்தால் அதே புளிப்பு பச்சையத்தையும் மெல்ல மங்கவைக்கும். உடனே சாப்பிடுவதற்கு எப்படிச் சேர்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மறுநாளுக்கு எடுத்துவைப்பதென்றால் எலுமிச்சை இல்லாமல் வைத்து, பரிமாறும்போது பிழிவதே நல்லது.

மறுநாளுக்கும் பச்சையாக இருக்க வேண்டும், சாண்ட்விச்சுக்குத் தடவ வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. கொத்தமல்லியைக் கொதிக்கும் தண்ணீரில் 10, 15 நொடி மட்டும் முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, பிழிந்து அரைக்க வேண்டும். நொதிகள் அடங்கிவிடும், நிறம் நிற்கும். ஆனால் மணம் கொஞ்சம் குறையும், புதினாவில் அது நன்றாகவே தெரியும். அன்றாடச் சட்னிக்கு நான் இதைச் செய்வதில்லை. நிறத்துக்காகச் சமையல் சோடா போடுவதையும் தவிர்த்துவிடுங்கள். பச்சை நிற்கும், ஆனால் வாயில் சோப்பு போன்ற ஒரு சுவை தங்கும்.

சாதத்தில் பிசைந்து சாப்பிடும் புதினாத் துவையலில் இந்தப் பச்சையைத் தேடாதீர்கள். நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி வைத்துக் கெட்டியாக அரைப்பது அது. கரும்பச்சைதான் அதன் நிறம், இரண்டு மூன்று நாள் தாங்குவதும் அந்த வதக்கலால்தான்.

கசப்பு ஏறிவிட்ட சட்னியை முழுதாகக் காப்பாற்ற முடியாது, குறைக்கலாம். இன்னும் கொஞ்சம் தேங்காய் அரைத்துச் சேர்த்து, பட்டாணி அளவு வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுப் பாருங்கள். கெட்டித் தயிரில் கலந்துவிட்டால் இன்னும் அடங்கும், ஆனால் அது அப்புறம் இட்லிச் சட்னி இல்லை, பிரியாணிக்கான பச்சடி. கருகல் கசப்புக்கு இவை எதுவும் உதவாது.