ஒன்டாரியோவில் வாடகை வீட்டை இடையில் விடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் ஒன்டாரியோவில் பெரும்பாலோர் முதலில் ஓராண்டு லீஸில்தான் வீடு எடுக்கிறார்கள். ஆண்டு முடிந்தபின் அதே வீட்டில் தொடர்ந்தால் அது தானாகவே மாதாமாத வாடகையாகிவிடும். ஆண்டு லீஸ் என்றால் கடைசி நாள்வரை வாடகைக்கு நீங்கள் பொறுப்பு. மாதாமாத வாடகை என்றால் முறையாக நோட்டீஸ் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் போகலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஆயிரக்கணக்கான டாலர் கைவிட்டுப் போகும்.

பரவலான தவறு, 60 நாள் நோட்டீஸ் கொடுத்தால் எந்த வீட்டையும் விட்டுவிடலாம் என்று நினைப்பது. வாடகைதாரர் வீட்டை விடுவதாகத் தெரிவிக்கும் படிவம் N9. ஆண்டு லீஸில் இருப்பவர் அதில் எழுதும் தேதி, லீஸின் கடைசி நாளுக்கு முன்னால் இருக்கக் கூடாது. வேலை மாறியது, வீடு வாங்கியது போன்ற காரணங்களுக்கு விலக்கு இல்லை. குடும்ப வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளானவர்களுக்கு மட்டும் N15 என்ற தனிப் படிவம் உண்டு. அவர்கள் லீஸின் நடுவிலும் 28 நாள் நோட்டீஸில் வெளியேறலாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை லீஸ், மாத வாடகை 1,800 டாலர். ஜனவரியில் ஒட்டாவாவில் வேலை கிடைக்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டு ஜனவரி 31 அன்று கிளம்பினால் என்ன ஆகும்? மீதி ஏழு மாத வாடகையையும் வீட்டுக்காரர் அப்படியே கேட்டுவிட முடியாது. வேறு ஆளைத் தேடி நஷ்டத்தைக் குறைப்பது சட்டப்படி அவருடைய கடமை. ஏப்ரல் 1 அன்று புது ஆள் அதே வாடகைக்கு வந்தால், நீங்கள் தரவேண்டியது இரண்டு மாத வாடகை, அதாவது 3,600. கடைசி மாதத்துக்காக முன்பே கொடுத்த 1,800 இதில் கழியும். மீதி 1,800-க்கு அவர் நீங்கள் போன ஓராண்டுக்குள் வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம்.

இந்தச் செலவும் இல்லாமல் வெளியேற ஒரு வழி இருக்கிறது. அதைச் சரியாகப் பயன்படுத்துபவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம். உங்கள் லீஸை வேறொருவர் பெயருக்கு மாற்றிக்கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இதை அசைன்மென்ட் என்பார்கள். பலர் எடுத்த எடுப்பிலேயே ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போய் நிற்கிறார்கள். நியாயமான காரணம் இருந்தால் அந்த ஆளை மட்டும் வீட்டுக்காரர் மறுக்கலாம், அதனால் உங்கள் லீஸ் முடியாது. அதனால் பெயர் எதுவும் சொல்லாமல், ‘லீஸை அசைன் செய்யச் சம்மதிக்கிறீர்களா?’ என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். அவர் முடியாது என்றாலோ, 7 நாளுக்குள் பதிலே சொல்லாவிட்டாலோ, 30 நாள் நோட்டீஸில் N9 கொடுத்து லீஸை முடிக்கலாம். அந்த N9-ஐ நீங்கள் கேட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அவர் சம்மதித்தால் ஆள் தேட வேண்டியது உங்கள் பொறுப்பு. இருவரும் பேசி ஒத்துப்போனால் இன்னும் எளிது. N11 என்ற உடன்பாட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு விரும்பிய தேதியில் முடித்துக்கொள்ளலாம். வாய்வார்த்தையில் ‘சரி, போங்கள்’ என்று சொன்னதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

மாதாமாத வாடகையில் தவறு பெரும்பாலும் நாள் எண்ணுவதில் நடக்கும். 60 நாள் இருந்தால் மட்டும் போதாது, முடியும் தேதி வாடகை மாதத்தின் கடைசி நாளாகவும் இருக்க வேண்டும். மார்ச் 10 அன்று நோட்டீஸ் கொடுத்தால் 60 நாள் மே 9-இல் முடிகிறது. ஆனால் நீங்கள் எழுத வேண்டிய தேதி மே 31. மார்ச் 1-க்குள் கொடுத்திருந்தால் ஏப்ரல் 30 போதும். தபாலில் அனுப்பினால் ஐந்து நாள் கூட்டிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுவதை நோட்டீஸாக நம்ப வேண்டாம்.

இன்னொரு விஷயம். லீஸ் முடிகிற நேரத்தில் ‘இன்னோர் ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டால்தான் இருக்கலாம்’ என்று வீட்டுக்காரர் சொன்னால் பயந்து போட வேண்டியதில்லை. லீஸ் தேதி முடிந்தது என்ற ஒரே காரணத்துக்காக அவர் உங்களை வெளியேற்ற முடியாது. வாடகை உயர்வுக்கான விதிகளும் இரண்டு வகைக்கும் ஒன்றுதான். அடுத்த ஆண்டுக்குள் ஊர் மாறும் வாய்ப்பு இருந்தால், புது லீஸ் போடாமல் மாதாமாதமாகவே தொடருங்கள். அதே சமயம், லீஸ் முடியும் நாளிலேயே போகப்போகிறீர்கள் என்றாலும் N9 கொடுக்கத்தான் வேண்டும். ஆகஸ்ட் 31-க்கு ஜூலை 2 கடைசி நாள்.

ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் பேஸ்மென்ட்டில் இருக்கும் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்காரரோடு, அல்லது அவருடைய கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோரோடு, சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ள வேண்டிய ஏற்பாடு என்றால், அவர்களும் அதே கட்டடத்தில் வசித்தால், மேலே சொன்ன சட்டம் பொருந்தாது. அங்கே உங்களுக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தம்தான் பேசும். அதனால் அப்படிப்பட்ட இடத்துக்குக் குடிபோகும் முன்பே, எத்தனை நாள் நோட்டீஸ், முன்பணம் எப்போது திரும்பும் என்பதை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.